பாதி நியாயமான புகார்

அன்புள்ள அம்மா,

போன வாரம் வேலை முடியத் தாமதமாகி, மகனை டியூஷன் வாசலில் மழையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டேன். "உங்களை நம்பி எதையும் விட முடியாது" என்றாள் மனைவி. மற்ற நாளெல்லாம் அவனை அழைத்து வருபவன் நான்தான். அவளுடைய மறதிகளைப் பட்டியலிட்டேன். இப்போது பேச்சே இல்லை. பாதி மட்டுமே உண்மையான குற்றச்சாட்டையும் வாய்மூடிக் கேட்க வேண்டுமா?
– ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

அன்புள்ள தம்பி,

பட்டியல் உடனே வந்ததல்லவா? எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்தீர்கள்? "எதையும்" என்றது மிகைதான், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிள்ளை மழையில் நின்றது உண்மை. "ஆமாம், நிற்க வைத்துவிட்டேன். நீ பயந்துபோயிருப்பாய்" என்பதே முதல் பதில். மற்ற நாட்களின் கணக்கு அந்த இரவில் வேண்டாம்.

இது தெரியாதவரல்ல நீங்கள். அந்த நேரத்தில் முடியவில்லை. தம்பதிகள் வாக்குவாதம் செய்யும்போது இதயத் துடிப்பை அளந்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் ஏறுவதில்லை என்கிறார். உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஒருமுறை கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சண்டையை நிறுத்தி, தம்பதிகளைப் பத்திரிகை படிக்க வைத்தார்கள். மறுபடி உட்கார்ந்தபோது துடிப்பு தணிந்திருந்தது, பேச்சும் தணிந்திருந்தது.

ஆனால் வெளியே போய்விட்டு வந்தால் மட்டும் போதாது. என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அம்மா ஏதாவது குறை சொன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் போனதைவிடக் கூர்மையாகப் பேசுவார், நாள் கிழமையோடு. வழியெல்லாம் மனத்துக்குள் அம்மாவோடு வாதாடிக்கொண்டே மிதித்திருக்கிறார்! அம்மாவோ அவர் எப்போது வருவார் என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் "அரை மணியில் வருகிறேன், பேசுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். பாத்திரம் கழுவுங்கள், செய்தித்தாள் படியுங்கள். "நீ மட்டும் என்னவாம்" என்று மனம் வாக்கியம் கட்டத் தொடங்கினால், ஓய்வு இன்னும் தொடங்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். கையிலிருக்கும் வேலைக்குக் கவனத்தை இழுத்து வாருங்கள். அது மறுபடி ஓடும், மறுபடி இழுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களே போய்ப் பேச்சைத் தொடங்குங்கள். அவள் வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது ஓய்வல்ல, தண்டனை.

மிரட்டல், அவமதிப்பு இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது. உங்கள் வீடு அப்படிப்பட்டதல்ல.

இன்றே அவளிடம் கேளுங்கள், தம்பி: அந்த ஒரு மணி நேரம் அவள் எங்கே இருந்தாள், பிள்ளை இன்னும் வரவில்லை என்பது எப்போது தெரிந்தது, யார் யாரை அழைத்துப் பார்த்தாள்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.