ஒரு சொட்டுத் தண்ணீரில் சாக்லேட் ஏன் கெட்டியாகிறது?

"சாக்லேட்டை உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் மொத்தமும் களிமண் மாதிரி ஆகிவிட்டது. ஏன்? எப்படிப் பாதுகாப்பாக உருக்குவது?"

சாக்லேட்டில் ஈரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கோகோ வெண்ணெய் என்ற கொழுப்புக்குள் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் மிதக்கின்றன, அவ்வளவுதான். ஒரு சொட்டு நீர் விழுந்தால் கொழுப்போடு அது சேராது. சர்க்கரைதான் அதை இழுத்துக்கொள்ளும். துகள்களின் மேற்பரப்பு கரைந்து பாகாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரக் கரண்டி பட்ட சர்க்கரை டப்பாவில் கட்டி விழுவதும் இதேதான்.

வேடிக்கை என்னவென்றால், நீர் அதிகமானால் இந்தச் சிக்கல் இல்லை. சர்க்கரை நன்றாகக் கரைந்து கட்டி அவிழ்ந்துவிடும். அதனால் இறுகிப்போன 100 கிராமுக்குச் சூடான தண்ணீரோ பாலோ ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு கரண்டிக்குள் பெரும்பாலும் பளபளப்பான சாஸ் ஆகிவிடும். ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம், ஆனால் அச்சில் வார்க்க உதவாது.

அடுத்த முறை, பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீர் விட்டு, லேசாகக் குமிழி வந்ததும் தீயைக் குறையுங்கள். அதைவிட அகலமான கிண்ணத்தை மேலே வையுங்கள்; அடி நீரைத் தொடக்கூடாது. கிண்ணம் சிறியதாக இருந்தால் ஆவி மேலேறி சாக்லேட்டிலேயே படியும். மூடவும் கூடாது, மூடியில் வியர்க்கும் நீர் உள்ளேதான் சொட்டும். மரக்கரண்டி ஈரத்தை ஒளித்து வைத்திருக்கும், சிலிக்கான் கரண்டி நல்லது. முக்கால்வாசி உருகியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஊற்றும் முன் கிண்ணத்தின் அடியைத் துடைக்க வேண்டும். பலருக்குக் காரியம் கெடுவது இந்தக் கடைசி நொடியில்தான்.

தண்ணீரே படாமல் கெட்டியாகி, தீய்ந்த வாசனையும் வந்தால் அது சூடு மிஞ்சியது. அதைக் காப்பாற்ற வழியில்லை.