பால் கொடுத்த பிறகு சர்க்கரை ஏன் இறங்குகிறது? கேள்வி பதில்

நீரிழிவுப் பிரிவில் செவிலியராக இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இரவில் வரும் தாழ்சர்க்கரை பற்றிப் பேசத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றதற்குச் சுருக்கமாகத்தான் பதில் வரும், கோபிக்க வேண்டாம்.

சிஸ்டர், எனக்கு டைப் 1. குழந்தைக்கு ஐந்து வாரம். கர்ப்பத்துக்கு முன்னால் ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலின் 18 யூனிட். கர்ப்பத்தில் 34 வரை போய், பிரசவமானதும் பழையபடி 18. மூன்று நாளாக அதிகாலையில் 58, 61, 55 என்று காட்டுகிறது. சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. என்ன ஆகிறது?

உங்கள் சாப்பாடு மாறவில்லை, ஆனால் அதில் பங்கு கேட்க ஓர் ஆள் வந்தாயிற்று. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதைச் செய்ய மார்பகம் உங்கள் ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸைத்தான் எடுக்கிறது. குழந்தை ஒரு நாளைக்கு 750 மில்லி குடித்தால் லாக்டோஸாக மட்டும் 50 கிராமுக்கு மேல் வெளியே போகிறது. தசையும் கொழுப்பும் குளுக்கோஸை உள்ளே விட இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். மார்பகத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. இன்சுலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும்.

அதனால் உங்கள் பழைய 18, பால் கொடுக்காத உடம்புக்கான கணக்கு. உங்கள் குறிப்பையே பாருங்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. 10.30க்கு 118. பதினொன்றுக்கு ஒரு முறை பால். இரண்டு மணிக்குக் குழந்தை அழுது எழுந்தபோது 96. பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, 2.50க்குப் பார்த்தால் 58. ஏமாற்றுவது அந்த 118தான். படுக்கும்போது 118 என்றால் யாருக்கும் நிம்மதியாகத் தூக்கம் வரும். ஆனால் எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறக்குறைய ஏழு மணி நேரம் உள்ளே எதுவும் போகவில்லை, மார்பகம் இரண்டு முறை காலியாகி நிரம்பியிருக்கிறது, 18 யூனிட்டோ விடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த மூன்று நாள் குறிப்பை நாளைக்கே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். 14 அல்லது 15க்கு இறக்கச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். டைப் 1 அம்மாக்களில் பலருக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் கர்ப்பத்துக்கு முந்தைய அளவைவிடவும் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. நீங்களாக அதை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் ஆபத்தில் கொண்டு போய்விடும். அளவு மாறும் வரை பதினொரு மணிப் பாலோடு 15 கிராம் மாவுச்சத்து வருகிற மாதிரி ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு மணிக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை, முடித்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை குத்திப் பாருங்கள்.

குத்தும் முன் கையைக் கழுவுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் 58 இருக்கிற இடத்தில் 130கூடக் காட்டலாம்.

சர்க்கரை உள்ள அம்மா பால் கொடுத்தால் குழந்தைக்கும் சர்க்கரை வருமா?

வராது. தாராளமாகக் கொடுங்கள்.

எனக்குச் சர்க்கரை இறங்கும்போது பாலிலும் இனிப்பு குறைந்து, குழந்தைக்கும் இறங்கிவிடுமா மேடம்?

இல்லை. பாலில் லாக்டோஸ் அளவு கிட்டத்தட்ட மாறாமலே இருக்கும். உங்களிடமிருந்து எடுத்தாவது அதைச் சரியாக வைத்துக்கொள்ளும், அதனால்தான் நீங்கள் இறங்குகிறீர்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 50ல் கை நடுங்கும்போது குழந்தை உங்கள் மடியில் இருக்கிறது. வேர்த்தாலோ, நடுக்கம் வந்தாலோ, கண் மங்கினாலோ, முதலில் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வையுங்கள். அது அழட்டும், அழுகிற குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70ஐத் தாண்டினால் பாதியில் விட்ட பாலைத் தொடரலாம்.

சிஸ்டர், உணவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 100 மில்லிக்கு 7 கிராம் என்றால் கணக்கு எளிது. குழந்தை 100 மில்லி குடித்தால் அம்மா 7 கிராம் சாப்பிட்டால் போதும். எதற்கு 15?

மொத்தக் கணக்கு சரி தம்பி, நேரக் கணக்குதான் இடிக்கிறது. குழந்தை இப்போது குடிக்கிற பால் இப்போது செய்ததில்லை, முந்தைய சில மணி நேரமாக ஊறி நின்றது. அதற்கான குளுக்கோஸ் ஏற்கெனவே போய்விட்டது. காலியான மார்பகம் அடுத்த பாலை வேகமாகச் செய்யத் தொடங்கும்போதுதான் புதிதாக இழுக்கும். அதனால் சிலருக்கு இறக்கம் கொடுக்கும்போது தெரியாமல், கொடுத்து முடித்து அரை மணி, ஒரு மணி கழித்துத் தெரிகிறது. 7 கிராம், 15 கிராம் என்பதைவிட அந்த நேரத்தில் உள்ளே எவ்வளவு இன்சுலின் ஓடுகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் டைப் 1, இரண்டாவது குழந்தை. முதல் குழந்தைக்கு "ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்னும் 15 கிராம் சாப்பிடு" என்றார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை கொடுத்தேன். 150 கிராம்! எடை ஏறியது, பகலெல்லாம் 220. இன்சுலினைக் குறைக்காமல் தீனி போடச் சொல்வது என்ன வைத்தியம்?

உங்கள் பக்கம்தான் நான். சாப்பிட்டுச் சமாளிப்பது முதல் சில நாளைக்கு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் குறைக்க வேண்டியது இன்சுலினை. கொடுக்கும் முன் 140 இருந்தால் சாப்பிட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. 100க்குக் கீழே இருந்தால், அதுவும் இரவாக இருந்தால், சாப்பிடுங்கள். ஆனால் கையெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கட்டும் என்ற அறிவுரையை மட்டும் தூக்கி எறியாதீர்கள். மாலையில் சில குழந்தைகள் இரண்டு மணி நேரம் விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எந்த அளவும் கைகொடுக்காது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை சிஸ்டர். எனக்கு டைப் 1 வந்து 19 வருடம். தோலில் ஒட்டி நாள் முழுக்க சர்க்கரையை அளக்கும் சென்சாரின் பதிவை நான்கு வாரம் பார்த்தேன். பால் கொடுத்த நேரத்துக்கும் இறக்கத்துக்கும் ஒட்டவே இல்லை. சாப்பாட்டைத் தவறவிட்ட நாட்களில்தான் இறங்கியது. பழி பாலுக்கு, குற்றம் தூக்கமின்மைக்கும் பட்டினிக்கும்.

இதை நான் தள்ளிவிட மாட்டேன். சென்சார் வைத்துப் பார்த்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. பால் கொடுத்ததும் இறங்குகிறது என்பவர்களும் உண்டு, பால் கொடுக்காதவர்களைவிட அதிகமாக இறங்கவில்லை என்பவர்களும் உண்டு. ஏற்கெனவே அளவைக் குறைத்துவிட்டவர்களுக்கு இறங்காது, அது ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் அளவு இப்போது கர்ப்பத்துக்கு முந்தையதைவிடக் குறைவா?

ஆமாம், 22லிருந்து 17.

அதைத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் தூக்கம், சாப்பாடு இரண்டுக்கும் பங்கே இல்லையா?

உண்டு, நிறையவே உண்டு. எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. இத்தோடு விடுவோம், வரிசையில் இன்னும் ஆள் இருக்கிறது.

பாலில் இன்சுலின் கலந்து குழந்தைக்குப் போய், குழந்தைக்குச் சர்க்கரை இறங்காதா?

இறங்காது. வயிற்றுக்குள் போன இன்சுலின் செரித்துவிடும். வாயால் சாப்பிட்டு வேலை செய்யுமென்றால் நீங்கள் ஏன் ஊசி போடுகிறீர்கள்?

எனக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை மட்டும்தான் இருந்தது. இப்போது மருந்தே இல்லை. நானும் ஒவ்வொரு முறையும் குத்திப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். இன்சுலினோ, கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரையோ இல்லாதபோது உடம்பு தானே சமாளித்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் மட்டும் என்றாலும் இறங்குவது அரிது. பிரசவத்துக்குப் பிறகான குளுக்கோஸ் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.

பிறந்த அன்று என் குழந்தைக்கு 38 என்றார்கள். பால் கொடுத்ததால் குறைந்ததா?

இது வேறு விஷயம். பிறந்த குழந்தையின் சர்க்கரை பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பால் கொடுத்ததால் குறையாது.

சிஸ்டர், சென்சார் ராத்திரி 47 என்று அலறுகிறது. எழுந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் 260க்கு ஏறிவிடுகிறது. மூன்று நாள் இதே கதை. என்னதான் செய்வது?

எந்தக் கையில் சென்சார்? படுத்துக்கொண்டே கொடுக்கிறீர்களா?

இடது கை. ஆமாம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துத்தான் கொடுக்கிறேன்.

கிடைத்துவிட்டது. சென்சார் உங்கள் உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்குகிறது. அந்த இடத்தில் திரவ ஓட்டம் தடைபட்டதும் அளவு சடாரென்று விழுந்த மாதிரி காட்டும். படத்தைப் பாருங்கள், செங்குத்தாக விழுந்து, நீங்கள் எழுந்து உட்கார்ந்ததும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதே மாதிரி ஏறியிருக்கும். நிஜமான இறக்கம் பெரும்பாலும் இப்படிச் செங்குத்தாக விழுந்து எழாது, சரிந்து இறங்கும். இனி அலறினால் விரலில் குத்திப் பாருங்கள். நடுக்கமும் வியர்வையும் இருந்தால் மட்டும் குத்தக் காத்திருக்காமல் சர்க்கரையைக் குடியுங்கள். அடுத்த சென்சாரை வேறு இடத்தில் ஒட்ட முடியுமா என்று கேளுங்கள். குத்தும் முன் கை கழுவுவது, ஆமாம், மறுபடியும் சொல்கிறேன்.

தாய்ப்பாலால் குழந்தைக்குச் சர்க்கரை நோய்...

மேலே படியுங்கள்.

என் மனைவிக்கு டைப் 1. நேற்று மூன்று மணிக்குக் குழந்தையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்கினாள். எழுப்பினால் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். காலையில் தலைவலி, சட்டை நனைந்திருந்தது.

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். அது இறக்கமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தூக்கமில்லாத அம்மாவும் சர்க்கரை இறங்கிய அம்மாவும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள், அதனால் சந்தேகம் வந்தாலே குத்திப் பாருங்கள். இன்று இரவு ஒரு முறை நீங்களே எழுந்து பாருங்கள். முதலில் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். கண் விழித்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். சுயநினைவு தெளியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வீட்டில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் போடுங்கள். பால் கொடுப்பவர்களுக்கும் அது போடலாம். அந்த மூன்று மணி விஷயத்தை டாக்டரிடம் நாளைக்கே சொல்லுங்கள், அடுத்த சந்திப்பு வரை வைத்திருக்காதீர்கள்.

குழந்தைக்கு ஏழு மாதம், திட உணவு நன்றாகச் சாப்பிடுகிறது. ராத்திரிப் பால் நின்றுவிட்டது. ஒரு வாரமாகக் காலையில் 180, 190. இன்சுலின் கெட்டுப்போயிருக்குமா?

குப்பியின் தேதியைப் பாருங்கள், வெயிலில் இருந்ததா என்றும் யோசியுங்கள். ஆனால் எனக்குத் தோன்றுவது இது: அந்தப் பங்காளி வெளியேறிவிட்டார். பால் குறைந்த அளவுக்கு இன்சுலின் தேவை ஏறும். குறைத்த அளவை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். எந்தப் பால் எந்தத் தேதியில் நின்றது என்று எழுதிக்கொண்டு போங்கள்.