32 பெட்டியா, 40 பெட்டியா?

கேள்வி: ஹால் 16க்கு 12 அடி, படுக்கையறைகள் 12க்கு 10, 11க்கு 10, சமையலறை 10க்கு 8. எல்லாவற்றுக்கும் ஒரே 2க்கு 2 டைல்ஸ்தான். பெட்டிக்கு 4 டைல்ஸ், அதாவது 16 சதுர அடி. மொத்தம் 502 சதுர அடி என்பதால் 32 பெட்டி என்று கணக்குப் போட்டு, அந்தப் பணத்தை ஒதுக்கிவிட்டேன். மேஸ்திரி 40 பெட்டி கேட்கிறார். எட்டுப் பெட்டியை யார் தலையில் கட்டப் பார்க்கிறார்?

பதில்: மேஸ்திரி சொன்னது சரியான எண்தான். உங்கள் கணக்கு எங்கே தவறியது என்று பார்ப்போம்.

பெட்டியின் பக்கவாட்டைப் படித்துப் பாருங்கள். 600 x 600 மி.மீ. என்றுதான் இருக்கும். இரண்டடி என்றால் கிட்டத்தட்ட 610 மி.மீ. பேச்சில் 2க்கு 2 என்கிறோமே தவிர, நான்கு டைல்ஸ் சேர்ந்தால் 15.5 சதுர அடிதான். உங்கள் அளவில் பெட்டிக்கு அரை சதுர அடி குறைகிறது.

அந்த 10 மி.மீ. வித்தியாசத்தின் தொல்லை ஹாலில்தான் நன்றாகத் தெரியும். 16 அடி நீளத்தில் 8 டைல்ஸ் சரியாக அடங்கும் என்று நினைத்திருப்பீர்கள். 2 மி.மீ. இடைவெளி விட்டுப் பதித்தாலும் ஓரத்தில் சுமார் 6 செ.மீ. மிஞ்சும். 12 அடிப் பக்கத்திலும் நாலரை செ.மீ. மிஞ்சும். அங்கே மெல்லிய கீற்றுகளை வெட்டிப் போட வேண்டும். அவை எளிதில் உடையும், பார்க்கவும் நன்றாக இருக்காது. அதனால் நல்ல மேஸ்திரி அறையின் நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிர் ஓரங்களில் சமமான துண்டு வருமாறு பிரிப்பார். அப்போது ஓரத் துண்டுகள் 32, 33 செ.மீ. அகலம் வரும். பாதி டைலைவிடப் பெரியது என்பதால் ஒரு டைலில் இரண்டு துண்டு எடுக்க முடியாது. நீளத்தில் 9, அகலத்தில் 7 என்று ஹாலுக்கு மட்டும் 63 டைல்ஸ் ஆகும். பரப்பளவைப் பார்த்தால் 50தான். வேஸ்டேஜ் பத்து சதவீதம் என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தில் 27 சதவீதமாகிவிடுகிறது!

ஆனால் வெட்டியதில் மிஞ்சும் சுமார் 27 செ.மீ. துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சுவரின் அடியோரத்தில் ஒட்டும் 10 செ.மீ. உயர ஸ்கர்ட்டிங் கீற்றுகளை ஒவ்வொன்றிலும் இரண்டு எடுக்கலாம். இந்த ஸ்கர்ட்டிங்கைத்தான் நீங்கள் அடியோடு மறந்துவிட்டீர்கள். நான்கு அறைகளின் சுற்றளவு 178 அடி. வாசல்களைக் கழித்து 160 அடி என்று வைத்துக்கொள்வோம். முழு டைலிலிருந்து வெட்டினால் ஒன்றில் ஐந்து கீற்று நிச்சயம் கிடைக்கும். 82 கீற்றுக்கு 17 டைல்ஸ், அதாவது நாலேகால் பெட்டி.

இனி மொத்தமாகப் போடலாம். 502 உடன் பத்து சதவீதம் சேர்த்தால் 552. ஒரு டைல் 3.875 சதுர அடி என்பதால் தரைக்கு 143 டைல்ஸ். ஸ்கர்ட்டிங்குக்கு 17 சேர்த்தால் 160, சரியாக 40 பெட்டி. ஹாலை நடுவிலிருந்து பிரித்தால் தரைக்கு ஏறக்குறைய ஒன்பது டைல்ஸ் கூடும். ஆனால் அந்தத் துண்டுகளே ஸ்கர்ட்டிங்கில் அதே அளவு மிச்சப்படுத்தும். ஆகவே 40 மாறாது. பின்னாளில் ஒரு டைல் உடைந்தால் மாற்ற ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, 41 என்று முடிவு செய்யுங்கள்.

பெட்டியாக முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே முறை செய்ய வேண்டும். அறைவாரியாகச் செய்தால் தரைக்கு மட்டுமே 14, 9, 8, 6 என்று 37 பெட்டி ஆகிவிடும். சேர்த்துப் போட்டால் 36 போதும். ஒரே டைலாக இருக்கும்போது ஓர் அறையில் மிஞ்சியது அடுத்த அறைக்குப் போகும். குளியலறைக்கு வேறு டைல் என்றால் அதைத் தனியாகப் போடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கடைக்காரர் சதுர அடி விலை சொன்னால் அதை 502 ஆல் பெருக்கக் கூடாது. 41 பெட்டிக்கு 635.5 சதுர அடி. பில் அதற்குத்தான் வரும். நீங்கள் ஒதுக்கியது 32 பெட்டிக்கு என்பதால் டைல்ஸ் செலவு மட்டும் 28 சதவீதம் கூடும். அதன் மேல் வரியும் ஏற்றிறக்கு கூலியும் இருக்கும். பதிக்கும் கூலி மட்டும் பதித்த பரப்புக்குத்தான்: தரைக்கு 502 சதுர அடி, ஸ்கர்ட்டிங்குக்கு ஓடும் அடிக்கணக்கு. 635க்குக் கூலி கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாங்கும்போது 41 பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இப்போது 32 மட்டும் வாங்கி, மிச்சத்தைப் பிறகு வாங்கலாம் என்று நினைத்தால் அதே ஷேடு கிடைக்காமல் போகலாம். வேறு பேட்ச் பதித்த இடம் ஜன்னல் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.