மஞ்சள் காமாலையோடு சுண்ணாம்பு நிற மலம்: வெயில் காட்டினால் போதுமா?

"குழந்தைக்கு 38 நாள். காமாலை இன்னும் போகவில்லை, மலம் களிமண் மாதிரி வெளுத்துப் போகிறது. இளம்வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?"

காத்திருக்காதீர்கள். இன்றே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவர் இருக்கும் வேறு இடத்துக்கோ போங்கள். மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர். அது குடலுக்கு வரவில்லை என்றால்தான் மலம் வெளுக்கும். அதைக் கொண்டுவரும் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். தாய்ப்பாலால் நீடிக்கும் காமாலையில் மலம் மஞ்சளாகவே இருக்கும்.

முதல் சோதனை, ரத்தத்தில் காமாலை நிறம் தரும் பிலிரூபின் எவ்வளவு என்பது. மொத்த அளவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். கல்லீரல் பக்குவப்படுத்திய பிறகும் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும் பிலிரூபினைக் காட்டும் 'டைரக்ட்' அளவையும் கேளுங்கள். மொத்தம் 8, டைரக்ட் 5 என்று வந்தால் அது வெயிலுக்கு அடங்கும் காமாலை இல்லை. டைரக்ட் 1-ஐத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். அப்புறம் வெறும் வயிற்றில் ஸ்கேன். அது இயல்பாக வந்தாலும் பித்தநாள அடைப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அடைப்புதான் என்றால், குடலைக் கல்லீரலோடு நேரடியாக இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை செய்வார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். தள்ளிப்போகப் போக கல்லீரல் தழும்பேறி, மாற்று அறுவை வரை போகலாம். உங்களிடம் இருப்பது மூன்றே வாரம், சோதனைகளுக்கும் சேர்த்து.

குழந்தை கொழுகொழுவென்று நன்றாகப் பால் குடிக்கலாம். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. போகும்போது மலம் பட்ட துணியையும் எடுத்துப் போங்கள்.