விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்

கேள்வி: வெள்ளவத்தையில் கட்டிக்கொண்டிருந்த தொடர்மாடியில் ஒரு வீட்டை 2 கோடி 40 இலட்சத்துக்குப் பேசி, திருகோணமலையில் நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை ஒப்பந்தம் எழுதினோம். 1 கோடி 68 இலட்சம் கட்டியாயிற்று. 2024 யூன் 30இல் திறப்புத் தருவதாக எழுத்தில் இருக்கிறது. 18 மாதம் கடந்தும் வேலை முடியவில்லை. மகள் கொழும்பில் மாதம் 75,000 வாடகைக்கு இருக்கிறாள். கேட்டால், "விருப்பமில்லாவிட்டால் விலகல் கடிதம் தாங்கோ, காசைத் திருப்பித் தாறம்" என்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், திருகோணமலை

பதில்: கொடுக்க வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களில், வாங்குபவர் தானாக விலகினால் நிர்வாகச் செலவு என்று ஒரு வீதத்தைக் கழித்து, மீதியை வட்டியில்லாமல் திருப்புவதற்கு ஒரு பிரிவு இருப்பது வழக்கம். சில ஒப்பந்தங்களில், அந்த வீட்டை வேறொருவருக்கு விற்ற பிறகுதான் மீதி கிடைக்கும். உங்களிடம் கேட்கும் கடிதம் அந்தப் பிரிவுக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். தவறியது கம்பனி. கடிதமோ நீங்கள் மனம் மாறியதாகச் சொல்லும். ஒப்பந்தத்தை முறிக்க விரும்பினாலும், "நீங்கள் குறித்த காலத்தில் ஒப்படைக்காததால் நான் முறிக்கிறேன்" என்றே எழுத வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உங்கள் கணக்கில் பல இலட்சம்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். விலகல் பிரிவு விலையில் 10 வீதத்தைக் கழிப்பதாக வைத்தால் 24 இலட்சம் போய்விடும். கையில் வருவது 1 கோடி 44 இலட்சம். கம்பனியின் தவறைக் காரணம் காட்டி முறித்தால், கட்டிய 1 கோடி 68 இலட்சத்தை முழுமையாகக் கேட்கலாம். அதோடு அதே அளவு வீடு அதே இடத்தில் இன்று 3 கோடி 10 இலட்சம் போகிறதென்றால், அந்த 70 இலட்சம் வித்தியாசத்தை நட்டஈடாகக் கோரலாம். அதற்கு மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். ஒப்பந்தத்தை முறிக்காமல் வீட்டையே கேட்டால், 18 மாத வாடகை 13 இலட்சத்து 50 ஆயிரத்தைத் தாமத நட்டமாகக் கோரலாம். வாடகை ஒப்பந்தமும் ரசீதுகளும் இப்போதே சேரட்டும். தாமதத்துக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை குறித்திருந்தால், அதற்கு மேல் பெறுவது கடினம். அந்தப் பிரிவை முதலில் தேடுங்கள்.

வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி வாங்கித் தருகிறது. அதை யூடியூப்பில் பார்த்துவிட்டு இங்கேயும் கேட்கிறார்கள். அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது. நம்முடைய வழி ரோமன் டச்சு ஒப்பந்தச் சட்டமும் மாவட்ட நீதிமன்றமும்தான். உங்கள் கையில் ஒரு பலம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட்டிருந்தால்தான் சட்டத்தில் செல்லும். வெறும் முன்பதிவுப் படிவத்தோடு நிற்பவர்கள் காசைத்தான் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது. நீங்கள் இரண்டில் எதையும் கேட்கலாம்.

எதைக் கேட்பது என்பதை ஆத்திரத்தில் முடிவெடுக்காமல், இரண்டு விடயங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதலாவது கட்டடம். ஒரு பொறியியலாளரை அழைத்துப் போய், திகதியிட்ட படங்களோடு அறிக்கை எடுங்கள். பூச்சு, மின்தூக்கி, தண்ணீர், மின்சாரம் என்ற அளவில்தான் வேலை மிச்சமென்றால் வீட்டையே கேட்பது நல்லது. தூண்களும் தளங்களும் மட்டும் நிற்கின்றன என்றால், ஒரு கட்டடத்தைக் கட்டி முடிக்கும் வேலையை நீதிமன்றம் மேற்பார்வை செய்யத் தயங்கும். அங்கே முறித்து நட்டஈடு கேட்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இரண்டாவது காணிப் பதிவகம். அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி வழக்கில்லாமலே ஏலத்தில் விற்க முடியும். கம்பனி கலைக்கப்பட்டால், ஒப்பந்தத்தை முறித்துக் காசுக்குக் காத்திருப்பவர் பிணையில்லாத கடன்காரராக, ஈடு வைத்திருக்கும் வங்கிக்குப் பின்னால்தான் நிற்பார். அதே பக்கத்தில் உங்கள் ஒப்பந்தம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நொத்தாரிசு இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவது வேறு, ஒப்பந்தம் பதிவேட்டில் ஏறுவது வேறு. ஏறாமலிருந்தால் அதே வீட்டை இன்னொருவருக்கு எழுதிப் பதிந்துவிட இடமுண்டு. உடனே பதியச் சொல்லுங்கள்.

அடுத்தது சட்டத்தரணி மூலமான கோரிக்கைக் கடிதம். பெரும்பாலான வழக்குகள் வலுவிழப்பது இங்கேதான். ஒப்பந்தத்தில் "எதிர்பார்க்கப்படும் திகதி" என்று மட்டும் இருந்தால், அல்லது காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்ற வாசகம் இல்லையென்றால், திகதி கடந்த மறுநாளே முறிக்க முடியாது. நியாயமான இறுதி அவகாசம் கொடுத்து, அதற்குள் ஒப்படைக்காவிட்டால் முறிப்பேன் என்று எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும். "14 நாளில் தா" என்ற வழக்கமான கடிதம் கட்டுமானத்துக்குப் போதாது. மிச்ச வேலையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் கொடுப்பது பாதுகாப்பு. கடிதத்தின் நடு இப்படி இருக்கலாம்:

"மேற்சொன்ன ஒப்பந்தத்தின்படி 2024.06.30இல் ஒப்படைக்க வேண்டிய வீட்டை நீங்கள் இன்றுவரை ஒப்படைக்கவில்லை. இக்கடிதம் கிடைத்து 90 நாட்களுக்குள் இணக்கச் சான்றிதழுடன் உடைமையை ஒப்படைத்து, உரித்து மாற்ற உறுதியை நிறைவேற்ற வேண்டும். தவறினால் எமது கட்சிக்காரர் உங்கள் மீறுகையைக் காரணமாகக் கொண்டு ஒப்பந்தத்தை முறிப்பார்."

ஒப்பந்த இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், ஒவ்வொரு கொடுப்பனவின் ரசீது இலக்கம் எல்லாம் அதில் வரவேண்டும். விற்பனை அலுவலகத்துக்கு அல்ல, கம்பனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போகவேண்டும்.

மிச்சத் தவணையை நிறுத்தலாமா என்பது அட்டவணையைப் பொறுத்தது. தவணை கட்டுமானக் கட்டத்தோடு இணைந்திருந்தால், அந்தக் கட்டம் முடியும்வரை கொடுக்க வேண்டியதில்லை. காலண்டர் திகதியோடு இணைந்திருந்தால், சொல்லாமல் நிறுத்தினால் நீங்களும் தவறியவராவீர்கள். அப்போது சட்டத்தரணியின் கடிதத்திலேயே காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். கட்டுவதானால் "எனது உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று எழுதிக் கட்டுங்கள். புதிய திகதி போட்ட திருத்த ஒப்பந்தம் நீட்டினால், பழைய தாமதத்துக்கான உரிமை நீங்காது என்ற வரியில்லாமல் ஒப்பமிடாதீர்கள்.

வழக்குக்குக் கொழும்புக்கே போகவேண்டும் என்பதில்லை. ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்திலும் வழக்கிட குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு இடம் தருகிறது. இரு தரப்பும் திருகோணமலையில் கையெழுத்திட்டிருந்தால் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் பிணக்கை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கச் சொல்லும் நடுத்தீர்ப்புப் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்து, கம்பனி ஆட்சேபித்தால், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் விசாரிக்காது, நடுத்தீர்ப்பாளரிடமே போகவேண்டும். எழுத்திலான ஒப்பந்தத்துக்கு, வழக்கிடும் கால எல்லை மீறிய நாளிலிருந்து 6 ஆண்டுகள். சலுகைக் காலங்களை எண்ணாமல், 2030 யூன் 30க்கு முன் வழக்குத் தாக்கலாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டையே கேட்டு வழக்கிட்டால், அந்த வழக்கையும் காணிப் பதிவகத்தில் பதியச் சொல்லுங்கள்.

கடிதம் போன பிறகு கம்பனி அவசரமாகத் திறப்பை நீட்டக்கூடும். அனுமதித்த பிளானின்படி கட்டியிருக்கிறது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் குடியேறுவது சட்டப்படி சரியல்ல. தொடர்மாடியை வீடு வீடாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதனப் பிளான் பதிவாகும்வரை உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுதவும் முடியாது. அது எந்த நிலையில் இருக்கிறதென்று கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையில் விசாரியுங்கள். திறப்பை வாங்குவதானால், "உறுதியும் சான்றிதழும் நிலுவை, தாமத நட்டஈட்டுக் கோரிக்கை தொடரும்" என்று ஒப்படைப்புப் பத்திரத்திலேயே கையால் எழுதி, அவர்களின் ஒப்பத்தோடு ஒரு பிரதி வாங்குங்கள்.