சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் போன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கோவையில் என் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கிறான். பிள்ளையின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் மேற்பார்வையிட உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பை அவனுடைய ஆண்ட்ராய்டு போனில் அமைக்க, என் ஜிமெயில் பாஸ்வேர்டைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: வேண்டாம். பெற்றோர் கணக்கின் பாஸ்வேர்டைப் பிள்ளையின் போனிலேயே அடிக்கச் சொல்லும். அதனால்தான் இந்த யோசனை உங்களுக்கு வந்திருக்கிறது. உங்கள் ஜிமெயிலோடு வங்கி, போட்டோ என்று என்னென்னவோ பிணைந்திருக்கும். தங்கை தன் சொந்தக் கணக்கிலேயே மேற்பார்வையைத் தொடங்கட்டும்; நீங்கள் இரண்டாவது பெற்றோராகப் பிறகு சேர்ந்துகொள்ளுங்கள். அவருக்கு இப்படி எழுதி அனுப்பலாம்:

"ஜெயா, அரை மணி நேரம் ஓய்வா இருக்கும்போது அவனைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு இதைச் செய். முதல்ல உன் போன்ல Google Family Link ஆப்பை இறக்கி, உன் ஜிமெயில்ல உள்ளே போ. அப்புறம் அவன் போன்ல Settings, அதுல Google, அதுல Parental controls. கண்ணுல படலைன்னா Settings மேல இருக்கிற தேடல்ல அந்தப் பேரை அடி. Child or teen-ஐத் தொட்டு அவன் கணக்கைத் தேர்ந்தெடு. பெற்றோர் கணக்கு கேட்கிற இடத்துல உன் ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் போடு, அவன் திரும்பி உட்காரட்டும். கடைசியில அவன் சம்மதம் கேட்கும். அவன் பாஸ்வேர்டை அவனே அடிக்கணும், அப்ப நீ திரும்பிக்கோ. முடிஞ்சதும் உன் ஆப்ல அவன் பேர் தெரியும். பிறகு உன் கூகுள் குடும்பக் குழுவுல சேர எனக்கு அழைப்பு அனுப்பு. நான் ஏத்துக்கிட்டதும் Manage parent privileges-ல எனக்குப் பெற்றோர் உரிமை கொடு. ராத்திரி பத்தரைக்குப் போன் பூட்டிக்கிற மாதிரி மட்டும் இப்ப வை. மத்ததை நான் இங்கிருந்து பார்த்துக்கிறேன்."

13 வயதைத் தாண்டிய பிள்ளையின் கணக்கில் அவன் சம்மதம் இல்லாமல் மேற்பார்வை ஏறாது. ஆகவே அவன் டியூஷன் போயிருக்கும் நேரத்தில் ரகசியமாகச் செய்யப் பார்ப்பது வீண்.

தங்கை ஏற்கெனவே தன் கணவர் நடத்தும் கூகுள் குடும்பக் குழுவில் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒருவர் ஒரே சமயத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும்; குழுவில் மொத்தம் 6 பேருக்குத்தான் இடம். அப்படி இருந்தால் கணவரே தன் கணக்கில் தொடங்குவது சுலபம்.

எல்லாம் சரியாக ஏறியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஃபேமிலி லிங்க்கில் ஆப் இறக்க அனுமதி கேட்கும் அமைப்பை எல்லா ஆப்புக்கும் வையுங்கள். பிறகு அவனை ஏதாவது ஒரு விளையாட்டை இறக்கச் சொல்லுங்கள். உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு அறிவிப்பு வந்தால் வேலை முடிந்தது. ஆனால் முன்பே இறக்கிவைத்த ஆப்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது. அவற்றைப் பட்டியலில் பார்த்து, வேண்டாதவற்றைத் தனித்தனியே தடுக்க வேண்டும்.

கேள்வி: அண்ணன் மகளுக்கு 15 வயது. எல்லாப் படியும் செய்தும் அவள் கணக்கில் மேற்பார்வை சேர மறுக்கிறது. ஏன்?

பதில்: பிறந்த ஆண்டைப் பாருங்கள். சிறு வயதில் யாரோ அவசரத்தில் 1998 என்று போட்டுக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். 18 நிரம்பியவராகப் பதிவான கணக்கில் மேற்பார்வை ஏறாது. myaccount.google.com-இல் Personal info பகுதியில் பிறந்த தேதியை உள்ளபடி திருத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மகன் மதுரையில் தாத்தா பாட்டியுடன். குழுவை நானே நடத்தலாமா?

பதில்: குடும்பக் குழுவில் இருப்பவர்கள் நடத்துபவரின் நாட்டிலேயே வசிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஆகவே மதுரையில் இருக்கும் ஒருவர் நடத்தட்டும். தாத்தாவுக்கு ஜிமெயில் பழக்கமில்லை என்றால் அத்தையோ மாமாவோ. தினசரி நேரம், எந்த ஆப் என்பதையெல்லாம் அவர்களோடு போனில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: என் அக்கா மகள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். "சித்தி என் மெசேஜை எல்லாம் படிப்பாங்க" என்று அழுகிறாள். படிக்க முடியுமா?

பதில்: முடியாது. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், போன் எங்கே இருக்கிறது (இடம் காட்டுவதை இயக்கியிருந்தால்) என்பதுதான் தெரியும். வாட்ஸ்அப்பில் யாரோடு என்ன பேசினாள் என்பது தெரியாது. உங்கள் ஆப்பைத் திறந்து அவளிடமே காட்டிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் போனை அவள் வாங்கிப் பார்க்கும்போது இந்தக் கட்டுப்பாடு எதுவும் அங்கே இருக்காது. அவள் கணக்கு இருக்கும் கருவியில்தான் அது வேலை செய்யும்.

கேள்வி: ரயிலில் வரும்போது பையன் போன் பூட்டிக்கொண்டது. சிக்னலும் இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஃபேமிலி லிங்க் ஆப்பில் பெற்றோர் குறியீட்டு எண் ஒன்று இருக்கும். அதை அவன் போனில் அடித்தால் இணையம் இல்லாமலே திறக்கும். அந்த எண் அடிக்கடி மாறும் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவைத்துப் பயனில்லை. பக்கத்துப் பயணியின் போனில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.