ஜூஸா, பாப்கார்னா?

“சின்ன ஊர், தெருமுனை, முதல் குறைவு. ஜூஸ் போடலாமா, பாப்கார்னா?”

பாப்கார்ன்தான். ஜூஸ் வெயிலில் பிய்த்துக்கொண்டு போகும், சரி. மழை பிடித்தால் நறுக்கிய பழம் குப்பைக்குத்தான். பொருள் செலவு விலையில் பாதி என்று வையுங்கள். தூக்கிக் கொட்டும் ஒவ்வொரு கப்பும் விற்ற ஒரு கப்பின் லாபத்தைத் தின்றுவிடும். 50 போட்டு 40 விற்றால், மிஞ்சுவது 30 கப்பின் லாபம். வாடகை வேறு இருக்கிறது!

சோளத்தை ஆள் வந்தபின் பொரிக்கலாம். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்; ஈரப்பதம் போன மணி பொரியாது. சட்டியின் அடியில் பொரியாத மணி கூடினால் சரக்கு காய்ந்துவிட்டது.

நறுக்கிய பழத்தில் 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் கிருமி வேகமாகப் பெருகும். அதனால் உரிமம் கேட்கும்போது குளிர்பெட்டி, தண்ணீர் வசதி பற்றிக் கேள்வி வரும். உலர்ந்த பண்டத்துக்குக் கெடுபிடி பொதுவாகக் குறைவு. எதற்கும் வண்டி வாங்குமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.